சூப்பர் மார்க்கெட் பில்லில் இலவசமும் பாயிண்டும் கணக்கைக் குழப்பினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

நாகர்கோவிலில் எங்கள் வீட்டு மாடியில் அண்ணனும் மைனியும், கீழ்வீட்டில் ஓர் அக்கா. அக்கா சின்ன அளவில் சாப்பாடு செய்து கொடுக்கிறார். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் போய் மூன்று வீட்டுக்கும் சேர்த்துச் சாமான் வாங்கிவிட்டு, பில்லைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பங்கு பிரிப்பது என் வேலை. எம்.ஆர்.பி. விலையில் மட்டும் வாங்கினால் ஐந்து நிமிடத்தில் முடியும். 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' ஆஃபரும் பாயிண்டும் ஒரே பில்லில் வந்துவிட்டால்தான் தகராறு. ஒவ்வொரு மாதமும் ஏறத்தாழ அதே சில கோளாறுதான் வருகிறது என்பதால் எழுதி வைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே பில்லை உதாரணமாக வைத்துக்கொள்வோம். படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் செயலி சரியாக வேலை செய்தால் பில் இப்படி வரும்:

```
MATTA RICE 5KG      320.00
COCONUT OIL 1L      420.00
DET POWDER 1KG      240.00
DET POWDER 1KG      240.00
B1G1 OFFER         -240.00
SHAMPOO             180.00
SOAP                 60.00
B1G1 OFFER          -60.00
URAD DAL 1KG        140.00
NET AMOUNT         1300.00
POINTS 400          100.00
CASH               1200.00
```

மட்ட அரிசியும் ஷாம்புவும் மைனி வீட்டுக்கு. தேங்காய் எண்ணெயும் ஒரு சோப்புத்தூள் பாக்கெட்டும் எங்களுக்கு. இன்னொரு சோப்புத்தூள், ஷாம்புவோடு இலவசமாக வந்த சோப்பு, உளுந்து மூன்றும் அக்காவுக்கு. பாயிண்ட் 400, இந்தக் கடையில் ஒரு பாயிண்டுக்கு 25 பைசா, ஆக 100 ரூபாய்.

## அறிகுறி 1: வரிகளைக் கூட்டினால் பில் தொகை வரவில்லை

பங்கு பிரிக்கத் தொடங்கும் முன் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பொருள் வரிகளையும் ஆஃபர் வரிகளையும் கூட்டினால் 1300 வர வேண்டும். 1200 அல்ல. பாயிண்ட் வரியைச் சேர்த்துக் கூட்டிவிட்டு "நூறு ரூபாய் உதைக்குது" என்று நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு.

கூட்டுத்தொகை இடித்தால், எவ்வளவு இடிக்கிறது என்பதிலேயே காரணம் இருக்கிறது.

வித்தியாசம் ஏதோ ஒரு ஆஃபர் தொகைக்குச் சமம். கூட்டினால் 1540 வருகிறது, 240 அதிகம். அப்படியானால் அந்த ஆஃபர் வரி படத்தில் விழவே இல்லை. பில்லை மடித்த இடத்தில்தான் இது பெரும்பாலும் நடக்கும். பில்லை விரித்து இன்னொரு படம் எடுக்கச் சொல்லுங்கள்.

வித்தியாசம் ஆஃபர் தொகையில் இரண்டு மடங்கு. கூட்டினால் 1780 வருகிறது, 480 அதிகம். வரி இருக்கிறது, மைனஸ் குறி போய்விட்டது. கழிக்க வேண்டிய 240ஐக் கூட்டியதால் 480 ஏறிவிட்டது. சில கடைகளின் பில்லில் மைனஸ் எண்ணுக்குப் பின்னால் `240.00-` என்று வரும். செயலி அதை அழுக்கு என்று விட்டுவிடும். இரண்டு ஆஃபரிலும் குறி போயிருந்தால் 600 அதிகம் வரும்.

வித்தியாசம் ஏதோ ஒரு பொருளின் விலைக்குச் சமம். கூடுதலாக இருந்தால், நீளமான பில்லை இரண்டு படமாக எடுத்தபோது நடுவில் ஒரு வரி இரண்டிலும் விழுந்திருக்கிறது. குறைவாக இருந்தால் இரண்டு படத்துக்கும் இடையில் ஒரு வரி விழாமல் போயிருக்கிறது. இதற்குப் பில்லின் அடியில் இருக்கும் உருப்படி எண்ணிக்கையைப் பாருங்கள். நம் பில்லில் அது 7 என்று இருக்கும். ஆஃபர் வரிகள் அதில் சேராது. சோப்புத்தூள் வரிகள் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால், "இது இரட்டிப்பு" என்று நினைத்து ஒன்றை அழித்துவிடாதீர்கள். நான் ஒருமுறை அழித்திருக்கிறேன்.

எதற்கும் பொருந்தாத வித்தியாசம். 8 என்பது 3 ஆகியிருக்கும், அல்லது எண்ணிக்கையும் விலையும் ஒட்டிப்போய் ஒரே எண்ணாகியிருக்கும். செயலியோடு மல்லுக்கட்டுவதைவிட அந்த வரியைக் கையால் அடித்துவிடுவது வேகம்.

எழுத்தே தெரியவில்லை என்றால் அது காகிதத்தின் கோளாறு. பில் அச்சாகும் காகிதம் சூட்டில் கறுக்கும் வகை. பைக் டேங்க் கவரில் வைத்து வெயிலில் நிறுத்தினால் முழுக்கக் கறுத்துவிடும். வடசேரிச் சந்தையில் மீன் வாங்கிய பையில் சேர்த்துப் போட்டால் நனைந்து வெளுத்துவிடும். எங்கள் வீட்டில் இப்போது சட்டம் இதுதான்: கவுண்டரை விட்டு நகரும் முன், பில்லை அதே மேசையில் விரித்துப் படம் எடுத்துவிட வேண்டும். படமும் இல்லை, பில்லும் கறுத்துவிட்டது என்றால் கடைக்குப் போய் அடியில் பாதி தெரியும் பில் நம்பரையோ, பாயிண்ட் சேரும் போன் நம்பரையோ சொல்லி மறுபிரதி கேளுங்கள். அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை.

## அறிகுறி 2: விலை ஒருவர் தலையில், இலவசம் இன்னொருவர் கையில்

சில கடைகள் நம் பில் மாதிரி இரண்டு பொருளுக்கும் முழு விலை போட்டு, அடுத்த வரியில் கழிக்கும். சில கடைகள் முதல் பொருளுக்கு 240.00, இரண்டாவதுக்கு 0.00 என்று போடும். பில்லை அப்படியே பிரித்தால் இந்த இரண்டாவது வகையில் எங்கள் வீட்டுக்கு 240, அக்காவுக்குச் சும்மா. முதல் வகையிலும் ஆபத்து உண்டு. ஆஃபர் வரி எந்தப் பொருளுக்கு அடியில் இருக்கிறதோ அதில் கழித்தால் அக்காவின் பாக்கெட் சும்மா ஆகிவிடும், நாங்கள் முழு விலை கொடுப்போம்.

எது 'இலவசம்' என்பது பில் மெஷின் எந்த வரிசையில் ஸ்கேன் செய்தது என்பதைப் பொறுத்த விஷயம். அதற்கும் யார் எதை வேண்டும் என்று சொன்னார்கள் என்பதற்கும் சம்பந்தமில்லை. ஜி.எஸ்.டி. பக்கமும் இதையே சொல்கிறது. மறைமுக வரி வாரியம் 2019 மார்ச் 7 அன்று வெளியிட்ட 92/11/2019 எண் சுற்றறிக்கையில், 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்பதை ஒரு பொருளை இலவசமாகத் தருவதாக எடுத்துக்கொள்ள முடியாது, ஒரே விலைக்கு இரண்டு பொருளை விற்பதாகத்தான் கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. வீட்டுக் கணக்குக்குச் சட்டம் தேவையில்லைதான். ஆனாலும் அண்ணனிடம் வாதாட ஒரு பிடி கிடைத்தது.

இரண்டும் ஒரே பொருள் என்றால் பாதிப் பாதி. எங்களுக்கு 120, அக்காவுக்கு 120.

வெவ்வேறு பொருள் என்றால் எம்.ஆர்.பி. விகிதத்தில் பிரியுங்கள். ஷாம்பு 180, சோப்பு 60, இரண்டும் சேர்த்து 240. கொடுத்தது 180. 240க்கு 180 என்றால் முக்கால் பங்கு. ஆகவே ஷாம்புவுக்கு 135, சோப்புக்கு 45. இதைப் பாதிப் பாதி என்று பிரித்தால் 60 ரூபாய் சோப்புக்கு அக்கா 90 ரூபாய் கொடுக்க வேண்டி வரும். "இது எப்படி மக்களே இவ்வளவு வந்துச்சு?" என்று அக்கா கேட்டது இந்தத் தப்பினால்தான்.

மூன்று எடுத்து, ஒரு ஜோடிக்கு மட்டும் ஆஃபர் விழுந்தால் மூன்று சோப்புத்தூள் 720, கழிவு 240, கொடுத்தது 480. வீட்டுக்கு ஒன்று என்றால் ஆளுக்கு 160. ஆனால் பட்டியலில் இரண்டுதான் இருந்து, கடைக்குப் போனவர் தனக்கென்று மூன்றாவதை எடுத்திருந்தால், அந்த மூன்றாவதுக்கு அவரே 240 கொடுக்கட்டும். இதைப் பில் சொல்லாது, ஆளைத்தான் கேட்க வேண்டும்.

யாருமே கேட்காத இலவசம் வந்தால் இந்த விகிதக் கணக்கு பொருந்தாது. மைனி ஷாம்பு மட்டும்தான் கேட்டார், சோப்பு யாருக்கும் வேண்டாம் என்றால் 180ம் ஷாம்புவுக்கே. சோப்பும் மைனிக்கே. வேண்டாத பொருளைக் கீழ்வீட்டுக்குத் தள்ளிவிட்டு 45 ரூபாய் வசூலிப்பது நியாயம் இல்லை.

எக்செல்லில் இதை ஒருமுறை போட்டுவிட்டால் போதும். பொருள் விலை C பத்தியில். ஒரே ஆஃபரில் வரும் பொருள்களுக்கு D பத்தியில் ஒரே எழுத்து, சோப்புத்தூள் இரண்டுக்கும் X, ஷாம்புக்கும் சோப்புக்கும் Y. ஓரத்தில் J பத்தியில் X, Y என்றும், K பத்தியில் அவற்றின் கழிவு 240, 60 என்றும் எழுதுங்கள். மைனஸ் இல்லாமல். பிறகு E2ல்:

```
=IF(D2="",0,ROUND(SUMIF($J$2:$J$9,D2,$K$2:$K$9)*C2/SUMIF($D$2:$D$20,D2,$C$2:$C$20),2))
```

F2ல் `=C2-E2`. ஆஃபர் வரிகளை C பத்தியில் பொருளாக எழுத வேண்டாம். 0.00 என்று வந்த இலவசப் பொருளுக்கு அதன் எம்.ஆர்.பி.யை C பத்தியில் எழுதி, அதே தொகையைக் கழிவில் சேர்த்துவிட்டால் அந்த வகைப் பில்லுக்கும் இதே சூத்திரம் ஓடும்.

நம் பில்லில் இந்தக் கட்டத்தில் எங்களுக்கு 540, மைனிக்கு 455, அக்காவுக்கு 305. கூட்டினால் 1300.

## அறிகுறி 3: தள்ளுபடி எல்லாம் அடியில் ஒரே தொகையாக வருகிறது

சில பில்லில் ஆஃபர் வரிகளே இருக்காது. பொருள்கள் 1600 என்று கூட்டி, அடியில் மொத்தத் தள்ளுபடி 300 என்று மட்டும் வரும். பார்த்ததும் 300ஐ எல்லாப் பொருளுக்கும் சமவிகிதமாகப் பரப்பிவிடத் தோன்றும். பரப்பினால் அரிசிக்கும் எண்ணெய்க்கும் கிடைக்காத கழிவு கிடைக்கும், சோப்புத்தூள் வாங்கியவர்கள் நஷ்டப்படுவார்கள்.

முதலில், அலமாரியில் எந்தப் பொருளுக்கு ஆஃபர் அட்டை இருந்தது என்று போனவரைக் கேளுங்கள். பாதி நேரம் அதோடு முடிந்துவிடும்.

நினைவில்லை என்றால் பில்லின் கடைசியில் இருக்கும் ஜி.எஸ்.டி. அட்டவணையைப் பாருங்கள். யாரும் படிக்காத பகுதி, ஆனால் எந்தக் கழிவு எங்கே விழுந்தது என்பதற்குச் சாட்சி அங்கேதான் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, குளியல் சோப்பு இரண்டும் 5 சதவீதத்துக்கு வந்துவிட்டன. பாக்கெட் அரிசி, தேங்காய் எண்ணெய், பாக்கெட் உளுந்து எல்லாம் 5. சோப்புத்தூள் மட்டும் 18 சதவீதத்திலேயே இருக்கிறது. நம் பில்லின் அட்டவணை இப்படி இருக்கும்:

```
GST%   TAXABLE     TAX      TOTAL
 5     1009.52    50.48   1060.00
18      203.39    36.61    240.00
```

சில பில்லில் கடைசிப் பத்தி இருக்காது. வரிக்கு முந்தைய தொகையையும் வரியையும் நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். மத்திய, மாநில வரி இரண்டு பத்தியாக இருந்தால் இரண்டையும் சேர்க்க வேண்டும். ஓரிரு பைசா இடிக்கும், விட்டுவிடலாம்.

இப்போது 18 சதவீத வரிசையின் மொத்தத்தைப் பாருங்கள். எம்.ஆர்.பி.படி சோப்புத்தூள் இரண்டும் 480. அட்டவணையில் 240. ஆகவே 300ல் 240 சோப்புத்தூளில்தான் கழிந்திருக்கிறது. 5 சதவீதப் பொருள்கள் எம்.ஆர்.பி.படி 320, 420, 180, 60, 140, மொத்தம் 1120. அட்டவணையில் 1060. மிச்சக் கழிவு 60 அந்தக் கூட்டத்தில் எங்கோ இருக்கிறது. 60 ரூபாய்ப் பொருள் அங்கே சோப்பு ஒன்றுதான். கண்டுபிடித்தாயிற்று.

இந்த வழி ஓர் இடத்தில் நின்றுவிடும். ஆஃபர் பொருள்கள் எல்லாமே ஒரே வரிவிகிதத்தில் இருந்தால் அட்டவணை அவற்றைப் பிரித்துக் காட்டாது. அப்போது கழிவுத் தொகைக்குச் சமமான விலையுள்ள பொருளைத் தேடுங்கள். ஒன்றுக்கு மேல் பொருந்தினால் கடையின் கஸ்டமர் சர்வீஸ் மேசையில் பில் நம்பரைக் கொடுத்தால், பொருள்வாரியாகக் கழிவைத் திரையில் பார்த்துச் சொல்வார்கள். கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் போங்கள்.

## அறிகுறி 4: பாயிண்டைக் கழித்த பிறகு யாருக்கோ உறுத்துகிறது

எங்கள் வீட்டில் அதிகச் சண்டை வந்தது இதில்தான். ஆஃபர் பொருளைப் பார்த்து வருகிறது, அதனால் பொருளோடு போகும். பாயிண்ட் அப்படி அல்ல. அது பழைய பில்களில் யாரோ செலவழித்ததால் சேர்ந்த காசு. இரண்டையும் ஒரே கூடையில் போட்டுப் பிரித்தால் கணக்கு கூடும், மனம் கூடாது.

முதல் சோதனை, வரிசை. ஆஃபரைப் பொருளில் கழித்து முடித்த பிறகே பாயிண்டைத் தொட வேண்டும். நான் முன்பு எம்.ஆர்.பி. தொகையை வைத்துப் பாயிண்டைப் பிரித்தேன். அப்படிச் செய்தால் எங்களுக்கு 660, மைனிக்கு 500, அக்காவுக்கு 440 என்ற விகிதம். அக்காவுக்கு 27.50 கழிகிறது. கழிவுக்குப் பிந்தைய தொகையை (540, 455, 305) வைத்தால் அக்காவுக்கு 23.46தான். முந்தைய முறையில், இலவசமாக வந்த பாக்கெட்டுக்கும் சேர்த்து அவர் பாயிண்ட் வாங்கிக்கொண்டது மாதிரி ஆகிவிட்டது. சரியான சூத்திரம், N1ல் பாயிண்டின் ரூபாய் மதிப்பு 100 என்று வைத்துக்கொண்டு, G2ல்:

```
=ROUND($N$1*F2/SUM($F$2:$F$20),2)
```

இதன்படி கழிவு எங்களுக்கு 41.54, மைனிக்கு 35.00, அக்காவுக்கு 23.46. கொடுக்க வேண்டியது 498.46, 420.00, 281.54. கூட்டினால் 1200.

N1ல் 400 என்று போட்டுவிட்டு அக்காவுக்கு மைனஸ் வராததால் நான் கவனிக்காமல் அனுப்பிய மாதமும் உண்டு. பாயிண்டின் எண்ணிக்கை வேறு, மதிப்பு வேறு.

இரண்டாவது சோதனை, கடை எல்லாப் பொருளுக்கும் பாயிண்டை ஏற்றதா? அரிசி, எண்ணெய் மாதிரிப் பொருள்களுக்குப் பாயிண்ட் செல்லாது என்று சில கடைகள் வைத்திருக்கும். இதற்கும் ஜி.எஸ்.டி. அட்டவணையே போதும். அட்டவணையின் மொத்தம் 1300 என்றால் கடை பாயிண்டை ரொக்கம் மாதிரி, பணம் கட்டும் வழியாக எடுத்திருக்கிறது. பொருள் எதிலும் கழிக்கவில்லை. எல்லாப் பொருளுக்கும் சமவிகிதமாகப் பரப்பலாம்.

மொத்தம் 1200 என்றால் மெஷின் பாயிண்டைத் தள்ளுபடியாக்கிப் பொருள்களில் கழித்திருக்கிறது. அப்போது 18 சதவீத வரிசையின் மொத்தத்தைப் பாருங்கள். 221.54 என்று இருந்தால் எல்லாப் பொருளிலும் சமமாகக் கழித்திருக்கிறார்கள், மேலே உள்ள சூத்திரமே சரி. 197.14 என்று இருந்தால் அரிசியையும் எண்ணெயையும் விட்டுவிட்டு, மீதி 560 ரூபாய்ப் பொருளில் மட்டும் கழித்திருக்கிறார்கள். அந்தப் பில்லில் பங்கு மாறிவிடும்: எங்களுக்கு 21.43, மைனிக்கு 24.11, அக்காவுக்கு 54.46. எங்கள் எண்ணெயும் மைனியின் அரிசியும் கணக்கில் இல்லாததால் அக்காவுக்குக் கூடுகிறது.

இந்த இடத்தில் என் கருத்து கொஞ்சம் வேறு. கடையின் விதி கடையின் வசதிக்கு. மூன்று வீடும் சேர்ந்து சேர்த்த பாயிண்ட் என்றால், கடை எதில் கழித்திருந்தாலும் நாங்கள் மொத்தத்தில்தான் பரப்புகிறோம். அக்கா ஏதாவது ஓர் அலுவலகத்துக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு உளுந்து விலையைப் பில்படி காட்ட வேண்டியிருந்தால் மட்டும் கடையின் கணக்கை எடுக்கிறோம்.

மூன்றாவது சோதனை, பாயிண்ட் யாருடையது? போன் நம்பர் எங்கள் அம்மாவுடையது. நம்பர் அம்மாவுடையது என்பதற்காகப் பாயிண்ட் அம்மாவுடையது ஆகிவிடாது. மூன்று வீட்டுச் செலவிலும் சேர்ந்தது. மாதாமாதம் செலவு விகிதம் பெரிதாக மாறாது என்றால் இந்தப் பில்லின் விகிதத்திலேயே பரப்பிவிடலாம்.

ஒருமுறை அக்கா ஒரு கல்யாண வேலைக்கு மொத்தமாகச் சாமான் வாங்கும்போது அதே நம்பரைச் சொல்லிவிட்டார். 400 பாயிண்டில் 260 அந்த ஒரு பில்லில் வந்தது. அதை மூன்றாகப் பரப்பியதும் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மைனிதான் சொன்னார், "அது அவங்க காசுல்லா." சரிதான். 260 பாயிண்டின் 65 ரூபாயை முழுக்க அக்காவுக்கு ஒதுக்கி, மீதி 35ஐ மட்டும் விகிதத்தில் பிரித்தோம். எங்களுக்கு 14.54, மைனிக்கு 12.25, அக்காவுக்கு 8.21. கொடுத்தது 525.46, 442.75, 231.79. முந்தைய கணக்கைவிட அக்காவுக்கு ஐம்பது ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம்.

எந்தப் பில்லில் எத்தனை பாயிண்ட் சேர்ந்தது என்பது பில்லின் அடியிலேயே ஒரு வரியாக வரும். பெரிய பில் வரும் மாதம் மட்டும் அதைக் குறித்து வைத்தால் போதும்.

## அறிகுறி 5: ஒரு பைசா கூடுகிறது அல்லது குறைகிறது

50 ரூபாய் பிஸ்கட், இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம், வீட்டுக்கு ஒன்று. நூறை மூன்றால் வகுத்தால் 33.33, கூட்டினால் 99.99. கோளாறு இல்லை. மிச்சப் பைசாவை அதிகத் தொகை கொடுப்பவர் பங்கில் போட்டுவிடுங்கள். சூத்திரத்தில் பைசாவை நான்கு இடம் வரை நீட்டிச் சரிசெய்யப் பார்த்தால் கடைசியில் ஜிபேயில் எப்படியும் இரண்டு இடம்தான் போகும்.

ஒரு ரூபாய்க்குள் வித்தியாசம் வந்தால் பில்லின் `ROUND OFF` வரியைச் செயலி தவற விட்டிருக்கும். ஒரு ரூபாய்க்கு மேல் போனால் அது பைசாக் கோளாறு அல்ல, அறிகுறி 1க்குத் திரும்புங்கள்.

## அறிகுறி 6: ஒரு பொருளைத் திருப்பிக் கொடுத்ததும் கணக்கு உடைகிறது

எங்கள் சோப்புத்தூள் பாக்கெட் கிழிந்திருந்தது, திருப்பினோம். 240 வரும் என்று நினைத்தால் வராது. சில கடைகள் ஜோடியாகக் கொண்டுவரச் சொல்லும். சில கடைகள் பாதி விலை தரும், அதிலும் பாயிண்டில் கழிந்த பங்கைப் பாயிண்டாகவே திருப்பிப் போடும். 120ல் பாயிண்ட் பங்கு 9.23, ஆகவே கையில் வருவது 110.77.

கிடைத்த காசை அந்தப் பொருளின் வீட்டுக்கு மட்டும் வரவு வையுங்கள், பழைய பங்குகளை மறுபடி கலைக்க வேண்டாம். கடை இரண்டு பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டால் மட்டும் ஜோடியின் இரண்டு பங்கையும் அழிக்க வேண்டும். அதனால்தான் திருப்பப் போகும் முன் கீழ்வீட்டில், "அக்கா, பாக்கெட்டை உடைச்சாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்.

## அறிகுறி 7: அலமாரியில் ஆஃபர் இருந்தது, பில்லில் இல்லை

இதை வீட்டுக் கணக்கில் சரிசெய்ய முடியாது. கவுண்டரில் நிற்கும்போதே சொல்லுங்கள். பெரும்பாலும் காரணம் சின்னது: ஆஃபர் 1 கிலோவுக்கு, எடுத்தது 500 கிராம். அல்லது ஜோடியில் இரண்டாவதை எடுக்கவே இல்லை. அல்லது ஆஃபர் நேற்றோடு முடிந்து, அட்டையை எடுக்க மறந்திருப்பார்கள். அலமாரி அட்டையைப் படம் எடுத்து மேலாளரிடம் காட்டினால் அங்கேயே திருத்திக் கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு கடையில் 0.00 என்று போட வேண்டிய பொருளுக்கு எம்.ஆர்.பி.யையும் தாண்டி விலை போட்டிருந்தார்கள். விவரப் பதிவில் பழைய பாக்கெட்டின் விலை. கேட்டதும் திருப்பித் தந்தார்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கியதைத் திருப்ப மறுத்தால் பில் படத்தையும் பாக்கெட் படத்தையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடலாம். ஆஃபர் கிடைக்கவில்லை என்ற 60 ரூபாய்க்கு நான் அந்த அளவுக்குப் போனதில்லை.

அக்கா மாதிரித் தொழிலுக்கு வாங்கி, ஜி.எஸ்.டி. பதிவும் வைத்து, உள்ளீட்டு வரியை எடுக்கிறவர்கள் மட்டும் இந்தப் பங்குக் கணக்கைக் கணக்காளரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள். வீட்டுச் சாமானும் தொழில் சாமானும் ஒரே பில்லில், அதிலும் ஆஃபர் ஜோடியில் ஒன்று வீட்டுக்கு, ஒன்று தொழிலுக்கு என்றால் எக்செல் போதாது. அக்காவின் கணக்காளர் சொன்ன தீர்வு, அடுத்த மாதத்திலிருந்து தொழில் சாமானுக்குக் கவுண்டரில் தனிப் பில் போடச் சொல்வது. இப்போது மைனி கூடையின் நடுவில் ஒரு தடுப்பு வைத்துத்தான் தள்ளுவண்டியைக் கவுண்டருக்குக் கொண்டுபோகிறார்.